தெருவை நோக்கிய தையற்பொறி

ஆனித் திங்களின் மேல்காற்று கரிசற் காடுகளைக் கடந்து வந்து, சங்கரநயினார் கோயிற் கோபுரத்துப் புறாக்களைக் கலைத்துவிட்டு, தேரடித் தெருக் கடைகளுள் புகுந்து விளையாடும் காலைப்பொழுது. அன்பரே, அத்தெருவில் பீர் மைதீனின் தையற்கடையை நோக்குங்கள். தெருவைப் பார்த்து நிற்கும் மூன்று பொறிகளுள் ஓரத்துப் பொறியின்முன், நாற்பத்தைந்து வயதுக் கோமதிநாயகம் வியர்த்து அமர்ந்திருந்தார்.

அவர் நெய்த சேலைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. உலகப் பெரும்போர் ஓய்ந்தும் நூல் கிடைக்காமையால் தறி ஓய்ந்தது. தம்மினும் இளைய பீர் மைதீனிடம் தொழில் பழக வந்தார். அடுத்த மாத ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் கை திருந்தினால் வேலை நிலைக்கும். இல்லையேல் மனைவியோடு ஊரைவிட்டே போகவேண்டும்.

தறியில் மிதியை அழுத்தி, ஊடைநூல் ஏந்திய நாடா மறுபுறம் சேரும்வரை அப்படியே நிறுத்துவது வழக்கம். அப்பழக்கத்தில் ஊறிய கால்கள் பொறியின் மிதிபலகையையும் அழுத்தி நிறுத்தின, சக்கரம் தயங்கிப் பின்னோக்கிச் சுழன்றது, நூல் அறுந்தது. தறியில் பாவுநூலை இழுத்துக் கட்டியே பழகிய கைகள் துணியையும் இழுத்தன. ஊசி வளைந்து ஒடிந்தது.

"அண்ணாச்சி, ஊருல ஊசிக்கும் பஞ்சம் வந்துரும் போலுக்கே!" என்றான் பக்கத்துப் பொறியில் தைத்த கபீர்.

"சும்மா கெட லே! நீ வந்த புதுசுல விரலையே தச்சவன்தானே?" என்றார் பீர் மைதீன்.

தம்மிடம் முன்பு சேலை வாங்கியவர்கள் வாயிலில் நின்று பார்த்ததே கோமதிநாயகத்துக்கு ஊசியினும் கூர்மையாகக் குத்திற்று. எட்டாம் நாள், இனி வரவில்லை என்று சொல்லிவிடவே வந்தார். வந்தவர் திகைத்தார். அவர் பொறி மட்டும் சுவரை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது.

"வெளிச்சம் இங்கனதான் நல்லா விழுது அண்ணாச்சி," என்றார் பீர் மைதீன், தலை நிமிராமலே துணி வெட்டிக்கொண்டு.

அந்தச் சுவரில் சன்னலே இல்லை. கோமதிநாயகம் சொல்லவந்ததை விழுங்கிவிட்டு அமர்ந்தார்.

நூல் கோக்காத ஊசியால் தாளின்மீது தைத்துப் பழகினார். "மிதிச்சு நிறுத்தாதீய. முன்பாதமும் குதிகாலும் மாறி மாறி, தொட்டில் ஆடுத மாதிரி ஆடட்டும். துணி தானாப் போவும், நீங்க வழி மட்டும் காட்டுங்க" என்பார் பீர் மைதீன். முதல்நாள் எறும்பு ஊர்ந்த தடம்போல் வளைந்த துளைகள், பத்து நாளில் கோடாயின. பின்பு நூல் கோத்தார். ஊசியருகே துணியை அழுத்தும் இரும்புக் காலை இறக்க மறந்து, அடியில் நூல் குருவிக்கூடாய்ச் சிக்கியது. அன்றுதான் தம் பிழையைக் கண்டு தாமே முதன்முறையாகச் சிரித்தார்.

தபசுக் கொடியேற்றத்துக்கு முந்திய நாள், பாவாடை ஒன்றின் விளிம்பைச் சுற்றிலும் நேராகத் தைத்து முடித்தார். விரலால் தடவிப் பார்த்த பீர் மைதீன், "இனி இது உங்க மிஷின் அண்ணாச்சி," என்றார்.

கோமதிநாயகம் எழுந்தார், பொறியைப் பற்றி மெல்லத் தெருவை நோக்கித் திருப்பினார்.

"ஏன் அண்ணாச்சி, அங்கன வெளிச்சம் போதலையா?"

"வெளிச்சம் எங்கன விழுதுன்னு எனக்கும் தெரியும் தம்பி."

வாயிலில் நால்வர் நின்று பார்க்க, அவர் மிதித்தார், நூல் அறுந்தது. கபீர் தன் துணியைத் தைத்துக்கொண்டே இருந்தான். கோமதிநாயகமோ நாணாமல், நூல்முனையை நாவில் நனைத்து, ஊசிக்கண்ணில் மீண்டும் கோத்தார்.

தம் தடுமாற்றத்தைப் பிறர் காணப் பொறுத்துக்கொள்வோரும், அத்துணிவு வரும்வரை அவர்க்கொரு சுவரைத் தந்து காப்போரும் வாழும் தெருவில், இறைவன் தேரில் வராத நாள்களிலும் உலவுகின்றான்.