ஒரே ரேக், ரெண்டு கடை

ரெனிட்டாவுக்குக் கோபம் வந்தால் கத்துவாள் என்றுதான் மத்திகிரியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கத்துகிற கோபம் ஒரு கோபமா? அது குக்கர் விசில் மாதிரி, ஊதிவிட்டு அடங்கிவிடும். ஓரகத்தி அருள்செல்வி மேல் அவளுக்கிருந்தது வேறு சங்கதி. ஒரு வருஷமாக அதை ஊறப்போட்டு, தினமும் கிளறிப் பார்த்து, பதம் வந்துவிட்டதா என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மாட்டுகிற குழந்தை சீட்தான் அவர்களுடைய வியாபாரம். கெலமங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வெங்கடப்பன் செய்து கொடுப்பார். காம்பவுண்டுக்குள் அண்ணன் வீடு ஒன்று, தம்பி வீடு ஒன்று, நடுவே தகர ஷெட். ஷெட்டில் ஒரு இரும்பு ரேக். அண்ணன் மைக்கேல்ராஜும் தம்பி ஜாக்சனும் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்க, விற்பனையைப் பெண்டாட்டிமார் இருவரும் பார்த்தார்கள். அண்ணன் மனைவி அருள்செல்விக்கு ‘ஷாப்வேலி’யில் கணக்கு, தம்பி மனைவி ரெனிட்டாவுக்கு ‘நம்மகார்ட்’டில். இணையத்தில் ரெண்டு கடை, ஆனால் சரக்கு அதே ரேக்கில் இருப்பதுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ரேக்கில் பத்து சீட் இருந்தால் ரெண்டு கடையிலும் பத்து என்று போடுகிறோம். இங்கே ஒன்று விற்றதும் அங்கே ஒன்றைக் குறைக்காவிட்டால், இல்லாத சீட்டை யாரோ ஒருவருக்கு விற்றுவிடுவோம். அப்புறம் சரக்கு இல்லை என்று நாமே ரத்து செய்ய வேண்டும். வாங்குகிறவர் ரத்து செய்தால் பரவாயில்லை, விற்கிறவர் ரத்து செய்தால் கணக்கில் கரும்புள்ளி விழும். நாலைந்து சேர்ந்தால் கடையையே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். இதைத் தானாகச் சரிசெய்கிற மென்பொருளுக்கு மாதாமாதம் அழ வேண்டும். இவர்களுக்கு எதற்கு மென்பொருள்? வாய் இருந்தது. “அக்கா, ஒண்ணு கொறைச்சுக்கங்க” என்று ஒருத்தி கூவினால் மற்றவள் தன் போனில் ஒன்றைக் குறைத்துவிடுவாள். ரெண்டு வருஷம் அது கடிகாரம் மாதிரி ஓடியது.

போன வருஷம் பள்ளி திறப்புச் சலுகை விற்பனையில் ரெனிட்டா ஒன்பது ஆர்டரை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அவள் போனில் ஒன்பது மீதி காட்டியது, ரேக்கில் ஒன்றுகூட இல்லை. கணக்கைப் பூட்டினார்கள். கெஞ்சி மடல் எழுதி, மாதக்கணக்கில் அலைந்து, இன்னொரு தடவை நடந்தால் நிரந்தரமாக மூடிவிடுவோம் என்ற எச்சரிக்கையோடு திரும்பப் பெற்றாள். யார் காரணம்? யோசிக்கவே தேவையில்லை என்று ரெனிட்டா முடிவு கட்டினாள். ஓரகத்தி விற்ற ஒன்பதை வாய் திறந்து சொல்லவில்லை. வயிற்றெரிச்சல். கணக்கைப் பூட்டிய வாரமே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், கோயில் வாசலில் வைத்தே அதைக் கேட்டாள். “என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நற்கருணை வாங்க வெக்கமா இல்லையா உங்களுக்கு?” அருள்செல்வி முகம் செத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பட்டென்று மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ரேக்கின் நடுவே சாக்பீஸ் கோடு விழுந்தது. இடது பாதி அவளுக்கு, வலது பாதி இவளுக்கு. அவரவர் பாதியை அவரவர் கடையில் போட்டுக்கொண்டார்கள். அதில் குழப்பமே வராது, உண்மைதான். ஆனால் ஒருத்தி சரக்கு தீர்ந்து கையைப் பிசையும்போது மற்றவள் பாதி அப்படியே தூசி படிந்து கிடக்கும். இந்த வருஷம் மே மாசக் கடைசியில் ஜாக்சன் சத்தம் போட்டான். “சீசன் நேரத்துல இப்புடி வீணாக்காதீங்க. பழையபடி ரெண்டு கடையிலயும் முழுசா போடுங்க. கூவறதுக்கு வாய் வலிக்குதா?”

அருள்செல்வி சரி என்றாள். ரெனிட்டாவும் சரி என்றாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஜாக்சன் சந்தோஷப்பட்டான், பாவம்.

விற்பனை தொடங்கிய முதல் நாளிலிருந்தே அவள் வேலையைக் காட்டினாள். மூன்று ஆர்டர் வந்தால் ஒன்றுக்கு மட்டும் “அக்கா, ஒண்ணு” என்று கூவுவாள். மற்ற ரெண்டை விழுங்கிவிடுவாள். நம்மகார்ட் கூரியர்காரன் உச்சி வேளையில் வருவான், ஷாப்வேலிக்காரன் சாயந்திரம் வருவான். அருள்செல்வி சமைக்கப் போகிற நேரத்தில் இவள் சரக்கு வாசலைத் தாண்டிவிடும். ரேக் காலியாவது கண்ணில் படாமலிருக்க, திரும்பி வந்த சரக்கின் பழைய அட்டைப்பெட்டிகளை டேப் ஒட்டிப் பின்வரிசையில் அடுக்கினாள். முன்னால் நிஜப் பெட்டி, பின்னால் வெறும் காற்று. ஒவ்வொரு பெட்டியை ஒட்டும்போதும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை மறைப்பானேன், ஒரு வருஷத்தில் அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை.

இடையிடையே வாங்கினவர்கள் சிலர் மனசு மாறி ரத்து செய்தார்கள். விற்பனை நாளில் அது சகஜம், மற்ற நாளில் அபூர்வம். அப்படி ஒவ்வொன்றுக்கும் பெட்டியைத் திரும்ப ரேக்கில் வைத்துவிட்டு, பொறுப்பாகப் போனில் மீதியை ஒன்று கூட்டினாள். அந்த விஷயத்தில் அவள் ரொம்பக் கறார்.

கடைசி நாள் காலை அருள்செல்வி “ரெனி, ரெண்டு கொறைச்சுக்க,” “ரெனி, இன்னொண்ணு” என்று கூவிக்கொண்டே இருந்தாள். இவள் “ஆச்சுக்கா” என்றாளே தவிர போனைத் தொடவில்லை. மிச்சமிருந்த நிஜச் சீட்டு அத்தனையையும் தன் ஆர்டர்களுக்கு மூட்டை கட்டி உச்சிக் கூரியரில் ஏற்றிவிட்டாள். இனி தன் கடையில் பூஜ்யம்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எதற்குப் பார்ப்பது? போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வாசற்படியில் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்தாள். கீரை ஆய வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை. ஷெட் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

சாயந்திரம் அருள்செல்வி பெட்டியைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று தூக்கிய கை வெறுமனே மேலே போயிற்று. அடுத்ததைத் தூக்கினாள். அடுத்ததையும். பிறகு ரேக்கையே வெறித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கூப்பாடு போடவில்லை. கூரியர்காரனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஆர்டர்களை ஒவ்வொன்றாக ரத்து செய்தாள். ரெனிட்டா ஒரு காம்புக்கு ஒரு ஆர்டர் என்று எண்ணிக் கீரையை உருவினாள். அன்றைக்கு ராத்திரி அவள் வைத்த கூட்டுக்கு ஜாக்சன் ரெண்டாம் தரம் சோறு கேட்டான்.

மறுநாள் காலை அருள்செல்வி இவள் சமையலறை வாசலுக்கே வந்தாள். போனை நீட்டினாள். ஷாப்வேலி கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

“நீதான?”

“நான்தான்.” ரெனிட்டா தோசைக்கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. “போன வருஷம் நீங்க எனக்குச் செஞ்சதுதான். இப்ப தெரியுதா எப்புடி எரியும்னு?”

“நான் என்ன செஞ்சேன்?”

“ஒம்பது சீட்ட வித்துட்டு வாயே தொறக்கல.”

“வித்த ஒவ்வொண்ணுக்கும் கூவினேன் ரெனி.” அருள்செல்வி குரலை உயர்த்தவே இல்லை. “உன் போன எடு.”

“எதுக்கு?”

“எடுன்னா எடு.”

எடுத்தாள். ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்த போனில் புது ஆர்டர்கள் வரிசையாக நின்றன. பதினொன்று. தீர்ந்துபோன கடையில் எப்படிப் பதினொன்று விற்கும்? ரெனிட்டா விற்பனை விவரத்தைத் திறந்தாள். வாங்கினவர் ரத்து செய்த இடத்திலெல்லாம் கடையே தானாக ஒன்று கூட்டியிருந்தது. அதற்குக் கீழேயே, இவள் கையால் கூட்டிய இன்னொன்று. ரத்து ஒன்று, கூட்டல் ரெண்டு. திரும்பி வந்த சீட்டு ஒன்றுதான், போனுக்கு மட்டும் ரெண்டு. அப்படியே பதினொரு தடவை.

தோசை கருகியது. அடுப்பை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. போன வருஷமும் இதே மாதிரிதானே பொறுப்பாகக் கூட்டினாள்? அந்த ஒன்பது சீட்டை எந்த ஓரகத்தியும் விழுங்கவில்லை. அது இவள் விரல் நுனியில் பிறந்த சரக்கு.

“கடையே கூட்டிடும். எனக்கும் முதல்ல தெரியாது, ஒரு தரம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றாள் அருள்செல்வி. “நீயும் அதையேதான் செய்யறன்னு, போன வருஷம் உன் ஒம்பதும் ரத்தான அன்னிக்கு ராத்திரியே புரிஞ்சுது. பூச முடிஞ்சு உன்கிட்ட சொல்லணும்னுதான் கோயில் வாசல்ல நின்னேன். நீ முந்திக்கிட்ட.”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாமேக்கா!”

“சொல்லியிருக்கலாம். நேத்து வரைக்கும் என் கண்ணெதிர்லயே நீ கூட்டுறதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். சனத்துக்கு முன்னால என்னை அந்தப் பேச்சுப் பேசினவளுக்கு எதுக்குச் சொல்லணும்? என்னைக்காவது நீயா வந்து விழுவன்னு இருந்தேன். நீ என்னையும் சேத்து இழுத்துட்டு விழுவன்னுதான் நெனைக்கல.”

ரெனிட்டா வெங்கடப்பனுக்குப் போன் போட்டாள். பதினொரு சீட்டு இன்றைக்கே வேண்டும், எப்படியாவது, காலில் விழாத குறையாகக் கேட்டாள். மறுமுனையில் அவர் தெலுங்கும் தமிழுமாகப் புலம்பினார். “எல்லாம் பெயிண்டுக்குப் போயிருக்கும்மா, வர ஒரு வாரம் ஆகும். நேத்தே சொல்லியிருந்தா வேற எடத்துல கேட்டிருப்பேனே.”

உச்சிக் கூரியருக்குள் அனுப்பாவிட்டால் அனுப்பத் தவறியதாகக் கணக்கில் ஏறும். ரத்து செய்தால் ரத்தாக ஏறும். எப்படியும் இந்தத் தடவை கடை திறக்காது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும், எச்சரிக்கை மடலை எத்தனையோ முறை படித்தவள்தான்.

ஷெட்டுக்குப் போனாள். அருள்செல்வியும் பின்னாலேயே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். ரெனிட்டா முதல் ஆர்டரைத் திறந்தாள். பொம்மசந்திராவில் ஒரு தகப்பன், அவசரமாக வேண்டும் என்று எழுதியிருந்தான். ரத்து என்றதும் காரணம் கேட்டது. ‘சரக்கு இல்லை.’ அழுத்தினாள். ரெண்டாவது. மூன்றாவது. கண்ணீர் திரையில் விழுந்து, விரல் பட்டும் எழுத்து நகரவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

“அக்கா, நான் செஞ்சது பாவந்தான். உங்கமேல தப்பே இல்ல. கோயில் வாசல்லயே வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன். இப்ப எந்திரிச்சுப் போங்கக்கா, நீங்க பாக்கறத என்னால தாங்க முடியல.”

“நேத்து நீ கீர ஆஞ்சுக்கிட்டுப் பாத்தியே, நான் எந்திரிச்சுப் போகச் சொன்னேனா?” அருள்செல்வி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம சொல்லு, கேட்டுக்கறேன். இன்னும் எட்டு இருக்கு. அமுக்கு.”