ஜூலைக் கட்டு

சவுரியப்பனுக்குச் சட்டைப் பை கனத்தது. உள்ளே இருந்தது ஒரே ஒரு துண்டுக் காகிதம்தான்.

பாப்பாரப்பட்டியில் ஒரு விற்பனைச் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவர் அவர். போன வருடம், 1985 ஜூன் இருபத்தெட்டில், கடலைக்கு அறுநூறு சாக்கு வாங்கியதாக நாலாயிரத்து இருநூறு ரூபாய் செலவு எழுதியிருந்தார். அந்தப் பணத்தை அவரே விழுங்கிவிட்டார் என்று யாரோ புண்ணியவான் மொட்டைக் கடிதாசி போட்டுவிட்டான். இன்று தணிக்கையாளர் முனிராஜ் வந்து உட்கார்ந்திருக்கிறார். ரசீது இல்லையென்றால் வேலை போச்சு.

பில்லைக் காட்டினார். காரிமங்கலம் சுபான் பாய் கடை பில். இருப்புப் புத்தகத்தில் சாக்கு வரவு இருந்தது, செக் அடிக்கட்டையில் பாயின் பெயர் இருந்தது. முனிராஜின் பச்சைப் பேனா வரிசையாக டிக் போட்டது.

“ரசீதுங்க?”

“தேடிக்கிட்டிருக்கேனுங்க சார்.”

ஜூன் மாத வவுச்சர் கட்டை அவர் ஏழு தடவை பிரித்தாகிவிட்டது. நேற்று பாயிடம் ஓடினார். “அப்பவே குடுத்தேனே! சரி, உடுங்க, பில்லு தேதி போட்டே இன்னொண்ணு எழுதித் தாரேன்” என்று பாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தார். அதுதான் பையில் இருந்தது.

முனிராஜ் பேங்க் பாஸ் புத்தகத்தை இழுத்தார். “ஜூன்ல இந்தச் செக்குக்குப் பணமே போவலையே?”

 சவுரியப்பனின் கை தானாகப் பைக்குப் போனது. காகிதத்தின் நுனி வெளியே வந்துவிட்டது.

“இருங்க இருங்க!” முனிராஜ் பக்கத்தைப் புரட்டினார். குரல் ஏறியது. “ஜூலை ஒம்பது! அதே நம்பரு, அதே தொகை! செக்கை அவரு லேட்டாப் போட்டிருக்காரு. பாய் ரசீது எப்பத் தருவாரு?”

“பணம் கணக்குல விழாம அவரு ரசீதே...” சவுரியப்பன் பாதியில் நிறுத்தினார். ஐயோ, மடையா! சங்கத்தின் கணக்கு வருடம் ஜூன் முப்பதோடு முடிந்துவிடும். ஜூலையில் வந்த ரசீதை அடுத்த வருடக் கட்டில் கோத்தது அவரேதான்.

நாற்காலியில் ஏறிப் பரணிலிருந்து கட்டை இழுத்தார். தூசி முகத்தில் கொட்டியது. ஜூலை பத்து, பாயின் கையெழுத்து, செக் நம்பர், ஸ்டாம்ப்.

“இருக்குதுங்க சார்! இருக்குது!”

முனிராஜும் எழுந்தேவிட்டார். ரசீதைப் பில்லோடு சேர்த்து வைத்துப் பெரிய டிக்காகப் போட்டார். “ஒரே பில்லுக்கு ரெண்டு ரசீது வந்தாத்தான் எங்களுக்குச் சந்தேகம். இது சுத்தமா இருக்குதுங்க.”

 பையிலிருந்த ரசீதை ஒரு நிமிஷம் முந்தி நீட்டியிருந்தால் சவுரியப்பன் தன் கையாலேயே தன்னைத் திருடனாக்கியிருப்பார்.

“டீ வாங்கியாரேனுங்க” என்று கடைக்கு ஓடினார். பையிலிருந்ததை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். ஸ்டாம்ப் சுருண்டு எரிந்து தீரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் டீ சொன்னார்.