பத்தாவது நிமிட விசில்

காப்பிப் பழம் பறிக்கும் எங்களுக்குச் சோற்று நேரம் அரை மணி. வேலைக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் வெங்கடாசலம் பத்தாவது நிமிடமே விசில் ஊதிவிடுவார். களியை அள்ளி விழுங்கிவிட்டு, இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஓடுவோம். கயிறு இறுக்க இறுக்க என் வயிறு மத்தளமாக உப்பும். ஏப்பம் வரட்டும் என்று சாயங்காலம் கோலி சோடா குடிப்பேன். ஏப்பம் வரும், உப்புசம் போகாது.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"அவசரமா முழுங்குனா சோத்தோட காத்தும் உள்ள போவும் கண்ணு. சோடாவுல இருக்கறதும் காத்துதான். அத உட்டுட்டு, மெதுவா மென்னு தின்னு. மாத்திரை வேண்டாம்."

மெதுவாகவாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தன நிமிசமுங்க?"

"அரை மணியாவது ஆவட்டும்."

"அதையே சீட்டுல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் விசில் ஊதியதும் எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. ரைட்டர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்புள்ள பூவாயி, காது கேக்கலயா?"

சீட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மருந்தே எழுதலயே."

"இந்தக் களிதானுங்க மருந்து. மென்னுக்கிட்டு இருக்கறேன். இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்க."

அவர் முகம் சிவந்தது. மறுபடியும் விசிலை வாயில் வைத்தார்.

பக்கத்தில் நின்ற ராசம்மாள், கட்டிய கூடைக் கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னருகே உட்கார்ந்தாள்.

"எனக்கும் வவுறு உப்புசமுங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு கூடைகள் தரையில் இறங்கின.