செவ்வாய், வியாழன் வகுப்புகள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்குச் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டைகளை மேசையில் விரித்து, விட்டுப்போன தையலையும் கோணல் காலரையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை அவள் கழற்றி வைப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

புருஷன் பிளாஸ்டிக் வாளி, கூடை செய்கிற கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஆபரேட்டர். டிப்ளமோவோடு நின்றுபோனவனை மாலை நேர இன்ஜினியரிங் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவளே அவள்தான். அதற்காகக் கம்பெனியில் கெஞ்சி, எப்போதும் காலை ஷிஃப்டிலேயே இருக்கும்படி செய்துகொண்டான். மத்தியானம் வீட்டுக்கு வந்து, இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டு, சாயங்காலம் மறுபடி கிளம்புவான்.

சேரும்போதே அவன் சொன்னான், "நாலு வருஷப் படிப்புதான். ஆனா ஏழு வருஷம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு ரூல்ஸ்லயே இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எழுதுறேனே. அகலக்கால் வைக்க வேண்டாம்."

"ஏழு வருஷமா? அதுக்குள்ள உங்க தம்பி மகனே இன்ஜினியர் ஆயிடுவான். நாலுன்னா நாலு. ஒரு பேப்பர்கூட விடக்கூடாது."

சொன்னதோடு நில்லாமல், சொந்தக்காரர்களுக்கெல்லாம் எந்த வருஷம் பட்டம் என்று முன்கூட்டியே முரசறைந்தும் விட்டாள். அவன் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத புருஷனைச் சம்மதித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வது அவள் வழக்கம்.

மூன்றாம் வருஷம் நடுவில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. அதற்குமுன் வகுப்பு முடிந்து வந்தால், பிழிந்து போட்ட துணி போல இருப்பான். இப்போது சில நாள் வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தில் ஒரு தெளிவு. ஒருநாள் செருப்பைக் கழற்றும்போது பாட்டு வேறு முணுமுணுத்தான். தெர்மோடைனமிக்ஸ் படித்துவிட்டு வருகிறவனுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்? எந்தெந்த நாள் என்று அவள் கவனித்தாள். செவ்வாயும் வியாழனும் தெளிவு, மற்ற நாட்களில் பழைய கந்தல்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையில் அவனுடைய வகுப்புத் தோழன் மீசைக்காரர் எதிர்ப்பட்டார். பம்ப் கம்பெனி மெக்கானிக். ஊர்க்கதை பேசுவதில் மன்னன்.

"அவர் இல்லாம செவ்வாய் வியாழன் கிளாஸே போரடிக்குதும்மா. பக்கத்து சீட்டு காலியாக் கிடக்கு."

"ஏன், அவருக்கு என்ன?"

"ரெண்டு பேப்பரை இப்ப வேண்டாம்னு வித்ட்ரா பண்ணிட்டாரே! உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, வாங்காத மாத்திரைக்கு விலை கேட்கத் திரும்பிவிட்டார்.

வகுப்பு இல்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தவறாமல் போகிறான், தவறாமல் வருகிறான். எங்கே போகிறான்? யாரைப் பார்க்க? நெருப்பில்லாமல் புகையுமா? தெளிந்த முகத்தையும் அந்தப் பாட்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் ஒரு பெண்பிள்ளைதான் விடையாக வந்தாள். கல்லூரி அலுவலகத்தில் இருப்பவளோ, கம்பெனி பேக்கிங் பிரிவில் இருப்பவளோ, அதுதான் தெரியவில்லை.

செவ்வாய் காலை, "இன்னிக்கு என்ன கிளாஸ்?" என்று கேட்டாள்.

"தெர்மோ" என்றான் கண் இமைக்காமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான்! அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. வந்த அழுகையை அவனுக்குக் காட்டக்கூடாது என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவன் கிளம்பியதும் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனாள். எந்தச் சந்தில் திரும்புவான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாள். அவன் எங்கும் திரும்பவில்லை. நேராகக் கல்லூரி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, வகுப்புகள் இருக்கும் கட்டடத்தைத் தாண்டி நூலகத்துக்குள் போனான். ஓஹோ, சந்திப்பு இங்கேதானா! அவள் கொஞ்ச நேரம் வெளியே நின்றாள், வருகிறவளும் வந்து சேரட்டும் என்று. பெண்பிள்ளை யாரும் வரவில்லை. கடைசியில் பொறுமை தீர்ந்து உள்ளே நுழைந்தாள்.

வாசல் மேசையில் இருந்த காவலாளி, "யாரும்மா வேணும்?" என்றார்.

"இப்ப ஒருத்தர் வந்தாரே, நீலப் பை."

"தூங்குறவரா? கடைசி வரிசைக்குப் போங்க. நீங்க அவர் வீட்டு ஆளுன்னா ஒண்ணு சொல்லி வைங்கம்மா. தூங்கட்டும், குறட்டை மட்டும் வேண்டாம்."

கடைசி வரிசையில், சுவரோரம், பையைத் தலைக்கு வைத்து மேசைமேல் கவிழ்ந்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அவள் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அந்தச் சத்தத்தில் அவன் விழித்தான். அவளைப் பார்த்ததும் முதல் காரியமாகப் பைக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தான். புத்தகம் தலைகீழாக இருந்தது. வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் முழிக்கிற முழி. அதைப் பார்த்ததும், வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வசவு அத்தனையும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"மெஷின் முன்னாடி நின்னுட்டே தூங்கிட்டேன்" என்றான் மெதுவாக. "உருக்குற பேரலுக்குள்ள பிளாஸ்டிக் கருகி, வந்த வாளியெல்லாம் கருப்புப் புள்ளி. இன்னொரு தடவை இப்படி நடந்தா வாரத்துக்கு ஒரு நேரம்னு மாறுற சுத்து ஷிஃப்டுல போட்டுடுவேன்னுட்டார் சூப்பர்வைசர். அப்புறம் சாயங்கால கிளாஸுக்கு எங்க வர்றது? வேலை போச்சுன்னா இந்த சீட்டும் இல்ல, வேலை பாக்குறவங்களுக்குத்தான் இந்தப் படிப்பே. அதான் கடைசித் தேதிக்கு முன்னாடியே ரெண்டை விட்டுட்டேன். தேதிக்குள்ள விட்டா ஃபெயில்னு வராது. கணக்குப் பேப்பரை விடல. அதை விட்டா அடுத்த வருஷத்துப் பேப்பர் எதையும் தொட முடியாது."

கணக்காகத்தான் யோசித்திருக்கிறான். அவளிடம் கேட்காமல், அவளைவிடச் சரியாக.

"எத்தனை வருஷம் தள்ளிப்போகும்?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ரெண்டு. ஆனா வேலையும் படிப்பும் உருப்படியா நிக்கும்."

"இதை என்கிட்ட சொன்னா என்னவாம்?"

தலைகீழாக இருந்த புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்தான்.

"சரி விடுங்க" என்றாள். "இனிமே இந்த ரெண்டு நாளும் வீட்டுலயே படுத்துத் தூங்குங்க. மேசைல கவுந்தா கழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"வீட்டுல தூக்கம் வராது."

"ஏன் வராது?"

"நீ பாத்துட்டே இருப்ப."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், மின்விசிறி ஓடவில்லை என்று சொல்வதுபோல. அவளுக்கு வலித்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதும் அவள் கண், அவனுடைய கண்ணடியில் இருந்த கருவளையத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்தது.

"நூலகம் மூட நேரம் இருக்கு" என்றாள். "தூங்குங்க."

"நீ?"

அவள் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கினாள். சத்தம் வராமல் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.