மூன்று மணிக்கு மேல் இறங்கும்

வங்கியின் தேநீர் அறையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த அக்கா, ஈரக் கையைச் சீருடையில் துடைத்துவிட்டுப் பையிலிருந்து இரண்டு தங்க வளையல்களை எடுத்துக் காட்டினார்.

"பொண்ணுக்கும்மா. போன வியாழக்கிழமை வாங்கினேன். நேரம் பார்த்துச் சொன்னது நம்ம டிரேடர் தம்பிதான்."

"ஜோசியமும் பார்க்கிறாரா?" என்று சிரித்தாள், வங்கியின் வர்த்தகங்களில் முறைகேடு உண்டா என்று பார்க்கும் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவள்.

"கிண்டல் பண்ணாதீங்க. காலைல வாங்கப் போறேன்னேன். 'அவசரப்படாதீங்கக்கா, மூணு மணிக்கு மேல இறங்கும், அப்புறம் போங்க'ன்னாரு. நமக்கெல்லாம் யாரு இப்படிச் சொல்றாங்க? தங்கமான மனுஷன்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வியாழக்கிழமையின் ஆர்டர்கள்தான் காலையிலிருந்து அவள் திரையில் கிடந்தன.

மூன்று மணிக்குத் தங்கத்தின் நிர்ணய விலைக்கான ஏலம் நடக்கும். இந்த விலைக்கு எவ்வளவு வாங்குவோம், எவ்வளவு விற்போம் என்று வங்கிகள் சொல்லும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை விலை மாறும். ஒரு நகைப் பட்டறை, தங்கம் விலை ஏறினால் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட, அந்த விலையை நம்பி இவர்கள் வங்கியிடம் ஒப்பந்தம் போட்டிருந்தது. வியாழக்கிழமை விலை ஒரு வரம்பைத் தாண்டினால் வங்கி பெருந்தொகை தர வேண்டும்; தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை.

ஏலத்துக்குச் சற்று முன்பு, வங்கிக்காகத் தங்கம் வாங்கி விற்கும் அந்த டிரேடர் சந்தையில் பெரிய பெரிய விற்பனை ஆர்டர்களைக் குவித்திருந்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் மிரண்டு விலையைக் குறைத்ததும், அவை நிறைவேறுவதற்குள் நீக்கிவிட்டார். திரும்பத் திரும்ப அதே கதை. ஏலத்திலும் விற்றுத் தள்ளினார். விலை வரம்புக்கு மயிரிழை கீழே நின்றது. சிறிது நேரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது.

"ஆர்டரை எடுக்கிறது குத்தமில்ல தாயே," என்று மேலாளர் காலையில் சொல்லியிருந்தார். "மனசு மாறிடுச்சும்பான். வித்தாகணும்கிற எண்ணமே இல்லாமப் போட்டான்னு காட்டு, பார்க்கலாம். இல்லேன்னா சாயந்திரம் ஃபைலை மூடிடு. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்ல?"

இப்போது அந்த ஆதாரம் கிடைத்துவிட்டது, ஓர் அன்பான வார்த்தையாக. மூன்று மணிக்கு மேல் இறங்கும் என்று காலையிலேயே தெரிந்தவருக்கு மனசு மாறியிருக்க முடியாது. அவள் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாயந்திரம் கடைக்குப் போனேன். பலகைல காலைல எழுதின விலைதான் இருந்துச்சு. கூலி, சேதாரம்னு வேற போட்டாங்க. தம்பிகிட்ட சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லல." நிமிர்ந்தார். "அப்போ பலகைல இருக்கறது பொய் விலையாம்மா?"

"பெரும்பாலும் நெசந்தான்க்கா. ஒருத்தர் தள்ளினாலும் ரொம்ப நேரம் நிக்காது. வளையல் வாங்கறவங்களுக்குக் கூலிதான் பெரிய அடி. ஆனா அந்த ஒரு நிமிஷ விலையை நம்பிக் கையெழுத்துப் போட்டவங்க அதோட போயிடறாங்க. அந்தப் பட்டறைல பாதிப் பேரை அனுப்பிட்டாங்களாம்."

"அவங்க வீட்லயும் பொண்ணுங்க இருக்கும்."

"நீங்க சொல்லணும்னு கட்டாயமில்ல. சொன்னா உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

அக்கா வளையல்களைப் பையில் போட்டார். "கேட்டா, உள்ளதைச் சொல்றேன்."

விசாரணை மாடியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. அக்கா நின்றுகொண்டே சொன்னார். வங்கியின் வழக்கறிஞர் டிரேடரிடம் குனிந்து, "கூட்டற அம்மா எதையோ காதுல வாங்கிட்டு உளறுது. இல்லேன்னு சொல்லுங்க, முடிஞ்சுது," என்றார்.

முடிந்துதான் போயிருக்கும். வங்கியின் மாடியில் அக்காவின் வார்த்தைக்கு எடை ஏது?

டிரேடர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா பொய் சொல்ல மாட்டாங்க," என்றார் டிரேடர். "நான்தான் சொன்னேன். இறங்கும்னு எனக்குத் தெரியும். இறக்கப்போறதே நான்தானே."

அதற்குப் பிறகு யாருக்கும் நல்லது நடக்கவில்லை. பட்டறைக்குப் பணம் கிடைத்தபோது அங்கே கதவு பூட்டியிருந்தது. துப்புரவு ஒப்பந்தத்தில் ஆள் குறைக்கிறோம் என்று மாதக் கடைசியோடு அக்காவை நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

டிரேடர் தன் பொருள்களை அட்டைப்பெட்டியில் சுமந்துகொண்டு வெளியேறிய அன்று யாரும் தலை தூக்கவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்ததால் அவரால் கதவைத் திறக்க முடியவில்லை. அக்கா வாளியை வைத்துவிட்டுப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வளையல் பொண்ணுக்குச் சரியா இருக்காக்கா?"

"கொஞ்சம் பெருசு தம்பி. வளர்ந்தா சரியாயிடும்."

அவர் தெருவில் இறங்கும்வரை அக்கா கதவை விடவில்லை.