மிளகாய் முதலில் இருந்த பெட்டி

முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தபோது இளவரசு வெங்காயக் கூடையைத் தலையிலிருந்து இறக்கியிருக்கவில்லை. வெங்காயம் சமையல்கட்டு முழுக்க உருண்டது. மெஸ் முதலாளி கோவிந்தசாமி அடுத்து விறகுக்கட்டையை எடுத்தார்.

சிதம்பரத்தில் அந்த மெஸ்ஸை நம்பி நாற்பது காலேஜ் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் சாம்பாரில் பழம்பொடியின் சிக்குவாடை என்று அத்தனை பேரும் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள். சரக்கு வாங்குகிறவன் இளவரசு. சமைக்கிறவள் அவன் மனைவி தங்கம்மாள்.

மெஸ்ஸுக்கு மசாலாப் பாக்கெட் கொண்டுவந்து போடும் கடலூர் ஏஜெண்டு கொளஞ்சியப்பன், முதலாளி சம்சாரத்தின் தம்பி, கதவை மறித்து நின்றான்.

"நான் போட்டது ஏப்ரல் சரக்கு மாமா. தேதிய நீங்களே பாருங்க. நல்லத வெளிய வித்துட்டு, கடையில நிறுத்து விக்கிற லூசுப் பொடிய கலந்திருக்கான்."

கட்டை முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் நின்ற தங்கம்மாளுக்குக் கேட்டது. இளவரசு வாயில் ரத்தத்தோடு தரையில் சரிந்தான்.

தங்கம்மாள் கொளஞ்சியப்பன் போட்ட பெட்டியிலிருந்து பிரிக்காத சாம்பார்ப்பொடி பாக்கெட் ஒன்றை உருவினாள். எந்தப் பொடியானாலும் பாக்கெட்டில் அச்சடித்த சேர்மான வரியைப் படித்த பிறகுதான் பிரிப்பாள். எது அதிகமோ அதைத்தானே முதலில் எழுதுவார்கள். மிளகாய் முதலில் என்றால் தனிக் காரம் சேர்க்க மாட்டாள், மல்லி முதலில் என்றால் ஒரு பிடி மிளகாய்த்தூள் சேர்ப்பாள். காலையிலும் படித்தாள். மிளகாய் முதலில் என்றிருந்தது. தனிக் காரம் சேர்க்காமல் விட்டாளே தவிர, ஏன் மாறியது என்று யோசிக்கவில்லை.

கட்டை மறுபடி ஓங்கியது. அவள் குறுக்கே பாய்ந்தாள். அடி தோளில் பட்டது.

"இதப் படிங்க மொதலாளி. மிளகாய், மல்லி, துவரம்பருப்புன்னு கெடக்குது. பொங்கலுக்கு வந்தப்ப உங்க மச்சான் என்னா சொன்னாரு? தெக்கத்திக் காரம் நம்ம பக்கம் போணியாவல, கம்பெனி மல்லிய முன்னால ஏத்திட்டான்னு சொல்லல? அப்ப ஏப்ரல்ல பேக் பண்ணதுல மிளகாய் எப்படி முன்னால வரும்?"

கோவிந்தசாமி வாங்கிப் பார்த்தார். அவள் முந்தானையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேதியைத் தேய்த்தாள். ரப்பர் ஸ்டாம்பு மை கரைந்தது. அடியில், கம்பெனி அடித்த தேதி அரைகுறையாக அழித்த புள்ளி எழுத்தில் தெரிந்தது: 2008. இப்போது நடப்பது 2010.

"மாமா, கொடோன் பையன் எவனாவது..."

முடிக்கவிடவில்லை. அதே கட்டை மச்சான் முகத்தில் விழுந்தது. விழுந்தவனைச் சட்டையோடு இழுத்துக் கிரைண்டர் விளிம்பில் மோதினார், இரண்டு தடவை. உள்ளேயிருந்து அக்காக்காரி ஓடிவந்து அலறினாள்.

தங்கம்மாள் அதைப் பார்க்க நிற்கவில்லை. இளவரசுவின் கையைத் துண்டால் கழுத்தோடு கட்டி எழுப்பினாள்.

மூச்சிரைக்க முதலாளி திரும்பினார். "ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடு தங்கம்மா. ராத்திரிக்குப் புள்ளைங்க வரும்."

"தேதி பாத்தீங்க, அவர் கையப் பாக்கல. நீங்களே ஆக்கிப் போடுங்க."

அந்தப் பாக்கெட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் இருந்தது.