வாரிசு சேர்க்க ஒரு வாய்தா

மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதால் சுப்புத்தாய் திங்கட்கிழமை வாய்தாவுக்குப் போக முடியவில்லை. போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. தேவாரம் ஊரில் அப்பா சம்பாதித்த புஞ்சையில் பங்கு கேட்டு, தம்பி ஜக்கையன் மேல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தாள். அன்றோடு அக்கா தம்பி பேச்சு நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை பாதை திறந்தது. போடியில் வக்கீல் குமாஸ்தா கன்னையன் வீட்டுக்குப் போனாள்.

"நீ வராட்டியும் வக்கீலய்யா ஆஜராயிட்டாரு, தாயி. கோர்ட்டுல பதிஞ்சதைப் பார்த்து எழுதிக்கிட்டு வந்திருக்கேன்" என்று காகிதத்தை எடுத்து வாசித்தார். "பிரதிவாதி ஜூலை இருபத்தெட்டுல இறந்துட்டதா அவரு வக்கீல் சொல்லியிருக்காரு. இனி வழக்கு நடக்கணும்னா அவரு வாரிசுகளை நாம சேர்க்கணும். அதுக்கு மனுப் போடச் சொல்லி உத்தரவு. அடுத்த வாய்தா செப்டம்பர் பதினஞ்சு, திங்கட்கிழமை."



"யாரு இறந்துட்டதா?"

கன்னையன் காகிதத்தை மடித்தார். "உனக்குச் சொல்லிவிடலையா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கன்னையன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள்.

"செத்த நாள்லேர்ந்து தொண்ணூறு நாளைக்குள்ள மனுப் போடணும். விட்டா வழக்கு அத்துப்போகும். பெண்டாட்டி, பிள்ளைக பேரு, வயசு வேணும்."

"பெண்டாட்டி சந்திரவல்லி. மூத்தவ பொன்னுமணி, அடுத்தவன் மொக்கச்சாமி." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசியா ஒண்ணு பிறந்திருக்குன்னாங்க. பேரு தெரியல."

"விட்டுப்போகக் கூடாது. கேட்டுக்கிட்டு வெரசா வா."

தேவாரத்துக்குப் பஸ்சில் போனாள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போய் வீடு ஓய்ந்திருந்தது. வாசலில் அவளைக் கண்டதும் சந்திரவல்லி எழுந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"கோர்ட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும், சந்திரவல்லி."

"சொல்லிவிட ஆளில்ல. மூணு நாள் காய்ச்சல்."

"என்னைக் கேட்டானா?"

சந்திரவல்லி நேராகப் பார்த்தாள். "கேக்கல."

உள்ளே குழந்தை சிணுங்கியது. "அதுக்கு என்ன பேரு?"

"கேசுக்கா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமா."

"செல்லக்கிளி. எட்டு மாசம். எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சந்திரவல்லி உள்ளே போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்று சுப்புத்தாய் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். கதவு பாதி சாத்தியே இருந்தது.

போடிக்குத் திரும்பிப் பெயரைச் சொன்னாள். கன்னையன் மனுவுக்குக் குறித்துக்கொண்டு, "போடத்தானே சொல்றே?" என்று இன்னொரு தரம் கேட்டார்.

"போடுங்க. பங்கு எனக்கு வேணும்ல" என்றாள்.

மெட்டுக்குப் போகும் ஜீப்பில் தோட்டத்து ஆட்களோடு நெருக்கி உட்கார்ந்து போனாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் பாடிக்கு முன்னால் இறங்கி, ஓடைக்குத் தனியாக நடந்தாள். சேலையோடு இறங்கி, இருபது நாள் முந்திச் செத்த தம்பிக்காகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் சில்லிட்டது. மூன்றாம் தரம் ஊற்றும்போதுதான் அழுகை வந்தது.